பேனலில் மூன்று பேர், நன்றி மெயிலும் மூன்றா?

14 வருடம் சப்ளை செயின் வேலைகளுக்கு ஆள் எடுக்கும் பேனல்களில் உட்கார்ந்திருக்கிறேன். இன்டர்வியூ முடிந்தபின் அனுப்பும் நன்றி மெயில் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில்.

ஒரகடம், ஸ்டோர்ஸ் பிரிவு: மேடம், நேற்று ஒரு அமெரிக்க உதிரிபாகக் கம்பெனியின் சென்னை ஆபீசில் பேனல் இன்டர்வியூ. ஒரே மெயிலில் மூன்று பேரையும் போட்டு நன்றி சொன்னால் போதாதா?

ஒன்றும் அனுப்பாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் மூன்று பேரும் உங்களை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. மேனேஜருக்கு வேலை ஓடுமா என்ற கவலை, ஃபைனான்ஸ்காரருக்குப் பணம் முடங்குமா என்ற கவலை. பொதுவாக எழுதினால் இரண்டையும் தொடாமல் போய்விடும். யார் யார் இருந்தார்கள், என்ன பேசினீர்கள் என்று சொல்லுங்கள் தம்பி.

மீண்டும் ஒரகடம்: மேனேஜர், டிசம்பர் மழையில் குடோனை எப்படிச் சமாளிப்பாய் என்றார். ஃபைனான்ஸ் மேடம் 180 நாளாக நகராத சரக்கைப் பற்றிக் கேட்டார். சிஸ்டம்ஸ்காரர் வாயே திறக்கவில்லை. கடைசியில் மட்டும், "எஸ்ஏபியில் ஏற்றியதை எக்செலிலும் ஏன் ஏற்றுகிறீர்கள்?" என்றார். பழக்கம்தான் சார் என்று சொல்லிவிட்டேன்.

அருமையான சரக்கு வைத்திருக்கிறீர்கள். மேனேஜர் பதிலுக்கு என்ன சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் சொன்னதைத் திருப்பி எழுதினால் அது தற்பெருமை. அவர் சொன்னதை எழுதினால்தான் கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். மேல் அடுக்குக்கு மாற்றுவேன் என்று நீங்கள் சொல்லி, லாரி வரும் ரோடே முங்கிவிடுமே என்று அவர் மடக்கியிருந்தால், அதுதான் உங்கள் மெயில். ஆங்கிலத்தில்தான் அனுப்பப் போகிறீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: "ரோடு பற்றி நீங்கள் சொன்னபிறகுதான் என் பதிலில் இருந்த ஓட்டை தெரிந்தது. வேகமாகப் போகும் ஐட்டங்களை மட்டும் அக்டோபருக்குள் மேட்டுப் பகுதியில் இன்னொரு குடோனுக்கு நகர்த்தலாமா என்று வரும் வழியில் யோசித்தேன்." அவ்வளவு போதும், திட்ட அறிக்கை வேண்டாம்.

ஃபைனான்ஸ் மேடத்துக்கு வேறு. ஸ்கிராப் போடலாம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். சப்ளையர் திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் ஷரத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டாமா என்று அவர் கேட்டிருந்தால், "நான் அந்த வரிசையில் யோசித்ததில்லை, இனி அங்கிருந்துதான் தொடங்குவேன்" என்று எழுதுங்கள். தெரியாததை ஒத்துக்கொண்டால் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கணக்கு பார்க்கிறவர்களுக்கு அது பிடிக்கும்.

மூன்றாவதுதான் முக்கியமான மெயில். "பழக்கம்" என்ற பதில் அவர் மனதில் அப்படியே நின்றிருக்கும். உண்மைக் காரணம் வேறு இல்லையா? சரக்கு சாயங்காலம் இறங்கும், சரக்கு வந்ததற்கான பதிவான ஜிஆர்என்னை எஸ்ஏபியில் போட மறுநாள் ஆகும், இடையில் லைன் ஆட்கள் கேட்டால் சொல்ல எக்செல். உங்கள் இடத்தில் அப்படித்தான் நடக்கிறது என்றால் இரண்டே வரியில் எழுதுங்கள். கூடவே, இறக்கும் இடத்திலேயே ஸ்கேன் செய்துவிட்டால் எக்செலே தேவைப்படாது என்று ஒரு வரி. சரியாகச் சொல்லாமல் விட்ட ஒரு பதிலைத் திருத்த இது இடம்தான். ஆனால் ஒன்றுக்கு மட்டும். மூன்று பதிலைத் திருத்தினால் இன்டர்வியூவில் சொதப்பியதாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி.

ஒவ்வொன்றும் ஐந்தாறு வாக்கியம், போனில் ஒரு திரைக்குள் அடங்கட்டும்.

பெங்களூரு, டெஸ்டிங்: ஒரே மெயிலை எழுதிப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறேன். தனித்தனியாகப் போவதால் யாருக்கும் தெரியாது. Bcc போட்டாலும் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாதே?

முகவரி தெரியாது, அது சரி. ஆனால் மெயில் வந்ததும் பலர் எச்ஆருக்குத் தட்டிவிடுவார்கள், அங்கே எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு தடவை என் பேனலில் நால்வருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "உங்களோடு பேசியதுதான் எனக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது." நான்கு பேரும் மத்தியானம் சாப்பிடும்போது படித்துச் சிரித்தோம். அதில் எனக்கு வந்த மெயிலில் இருந்தது பக்கத்து சீட்காரர் பெயர்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. வேறு வேறாக எழுதுகிறேன் என்று ஒருவரிடம் ஒரு மாதத்தில் சேர்கிறேன் என்பது, இன்னொருவரிடம் நோட்டீஸ் 90 நாள் என்பது. பேசிய விஷயம் மாறலாம். சேரும் தேதி, சம்பளம், எந்த வேலையில் ஆசை என்பது மாறவே கூடாது.

திருச்சி: குரூப் 1 நேர்முகத் தேர்வு முடித்து வந்திருக்கிறேன். உறுப்பினர்களுக்கு இப்படி நன்றிக் கடிதம் எழுதினால் மதிப்பெண் கூடுமா?

தயவுசெய்து எழுதாதீர்கள். இங்கே பேசுவது தனியார் கம்பெனி வழக்கம். அரசுத் தேர்வில் உறுப்பினரைத் தனியாகத் தொடர்புகொள்வது செல்வாக்குத் தேடுவதாகப் பார்க்கப்படும், உள்ளதும் போய்விடும்.

சேலம்: வீடியோ காலில் ஐந்து பேர் அக்கா. யார் எதைக் கேட்டார்கள் என்றே குழம்பிவிட்டது. மெயில் ஐடியும் இல்லை.

அடுத்த முறை காகிதத்தில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் சொன்னவுடன் கட்டத்தில் பெயர், கேள்வி வந்ததும் கீழே இரண்டு வார்த்தை. கால் முடிந்ததும் டீ குடிக்கப் போகாமல் பத்து நிமிடம் அதை விரித்து எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்தால் பாதி போயிருக்கும்.

இப்போதைக்கு, நிச்சயமாகத் தெரிந்த இருவருக்கு மட்டும் விஷயத்தோடு எழுதுங்கள். மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று இரண்டு வரி. ஒருவர் கேட்டதை இன்னொருவர் தலையில் கட்டுவதைவிட அது எவ்வளவோ பரவாயில்லை. முகவரியை ஊகித்துப் போடாதீர்கள். ஏற்பாடு செய்த எச்ஆரிடம் கேளுங்கள். தர முடியாது என்றால் ஐந்து குறிப்பையும் பெயர் போட்டு அவருக்கே அனுப்பி, சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

ஹூஸ்டன்: இங்கே பேனல் முடிந்த அன்றே கூடிப் பேசி முடிவெடுத்துவிடுகிறார்கள். மறுநாள் மெயில் போய் என்ன ஆகப்போகிறது? என் மேனேஜர் இவற்றைத் திறப்பதே இல்லை.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வேண்டாம் என்று முடிவான ஆளை ஒரு மெயிலால் உள்ளே கொண்டுவந்ததை நான் பார்த்ததில்லை. இருவர் சமமாக நின்று தள்ளிப்போட்ட கூட்டங்களில் மெயில் பேச்சில் வந்திருக்கிறது. அதுதான் முடிவைத் திருப்பியதா என்றால் சத்தியம் செய்ய மாட்டேன். முடிந்தால் அன்றைக்கே அனுப்புங்கள். உங்கள் மேனேஜர் மாதிரி ஆட்களும் உண்டுதான், யார் எப்படி என்று வெளியிலிருந்து தெரியாதே.

ஒரகடம், கடைசியாக: மூன்றும் அனுப்பிவிட்டேன் மேடம். ஃபைனான்ஸ் மேடம் மட்டும் பதில் போட்டிருக்கிறார்: "உங்கள் இப்போதைய கம்பெனியில் எந்த சப்ளையர்கள் திருப்பி எடுக்கிறார்கள்?" பெயர்களைச் சொல்லட்டுமா?

பெயர் வேண்டாம், அது உங்கள் கம்பெனி விஷயம். இங்கே சொல்கிறவன் நாளை எங்கள் விஷயத்தையும் சொல்வான் என்று அவருக்கும் தோன்றும். ஸ்டாண்டர்ட் போல்ட், பேரிங் மாதிரி வேறு யாருக்கும் விற்கக்கூடிய ஐட்டங்களை எடுத்துக்கொள்கிறார்கள், நம் டிராயிங்குக்குச் செய்ததை எடுப்பதில்லை என்று வகையாகச் சொல்லுங்கள். இரண்டு வரி, இன்றைக்கே, அவருக்கு மட்டும்.