டச்சு வாக்கியத்தில் வினைச்சொல்லை எங்கே வைப்பது?

கேள்வி: டச்சு கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. வினைச்சொல் ஒரு வாக்கியத்தில் இரண்டாவதாக வருகிறது, இன்னொன்றில் கடைசிக்குப் போய்விடுகிறது. எழுதும்போது எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு டச்சு எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் தூரம் குறைவு. கீழே டச்சுச் சொற்களை ஏறக்குறைய ஒலிக்கும் விதத்தில் எழுதியிருக்கிறேன். தொண்டையில் உரசி வரும் ஒலிக்கும் ‘ஹ’ என்றே போட்டிருக்கிறேன்.

‘நான் நாளை சந்தையில் மீன் வாங்குகிறேன்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இதே வரிசையில் டச்சுச் சொற்களை அடுக்கினால், ‘இக் மோர்ஹன் ஓப் டெ மார்க்ட் ஃபிஸ் கோப்’ என்று வரும். இது தனி வாக்கியமாக நிற்காது. ஆனால் ‘என் அம்மாவுக்குத் தெரியும்’ என்பதோடு சேர்த்து, ‘மெய்ன் மூடர் வேட் டாட் இக் மோர்ஹன் ஓப் டெ மார்க்ட் ஃபிஸ் கோப்’ என்று சொன்னால், ‘டாட்’ என்ற இணைப்புச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஒரு சொல்லும் மாற்ற வேண்டாத சரியான டச்சு. உங்களைக் குழப்பும் அந்தக் கடைசி இடம், தமிழில் நாம் வினையை எப்போதும் வைக்கும் இடம்தான்.

அதைத் தனி வாக்கியமாக்க இரண்டு வேலைகள் போதும். கடைசியில் இருக்கும் ‘கோப்’ என்பதை எடுத்து இரண்டாம் இடத்தில் வையுங்கள். பிறகு முதல் இடத்துக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். எழுவாயைத் தேர்ந்தால் ‘இக் கோப் மோர்ஹன் ஓப் டெ மார்க்ட் ஃபிஸ்’. நாளை என்பதை முன்வைத்தால் ‘மோர்ஹன் கோப் இக் ஓப் டெ மார்க்ட் ஃபிஸ்’. நான் தொடக்கத்தில் எழுதிய பயிற்சித் தாள்களில் ‘மோர்ஹன் இக் கோப்’ என்றே திரும்பத் திரும்ப எழுதினேன். ஆசிரியை ஒவ்வொரு முறையும் ‘இக்’ என்பதைச் சுற்றி வட்டமிட்டு, அதிலிருந்து வினைக்குப் பின்னால் ஓர் அம்புக்குறி போடுவார். வினைக்கு முன்னால் இரண்டு பொருள்கள் நிற்கின்றனவா என்று பார்ப்பதுதான் இந்தப் பிழையைப் பிடிக்கும் வழி. எண்ண வேண்டியது சொற்களை அல்ல, சேர்ந்து நிற்கும் தொகுதிகளை: ‘எல்கெ ஸாடர்டாஹ்’, அதாவது ஒவ்வொரு சனிக்கிழமையும், இரண்டு சொல்லானாலும் ஓர் இடம்தான்.

ஒரு முழுத் துணை வாக்கியமும் அப்படி ஓர் இடமாகவே எண்ணப்படும். ‘மீன் வாங்கினால் அம்மாவைத் தொலைபேசியில் அழைப்பேன்’ என்பது ‘ஆல்ஸ் இக் ஃபிஸ் கோப், பெல் இக் மெய்ன் மூடர் ஓப்’ என்றாகும். ‘கோப்’ தன் பகுதியின் கடைசியிலும், ‘பெல்’ முழு வாக்கியத்தின் இரண்டாம் இடத்திலும் நிற்பதால், இரண்டு வினைகள் காற்புள்ளியின் இருபுறமும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை அப்படி நின்றால் நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வாக்கியத்தின் கடைசியில் தனியாகக் கிடக்கும் ‘ஓப்’ என்பதையும் கவனியுங்கள். வினையின் முழு வடிவம் ‘ஓப்பெல்லென்’. முன்னே போனது ‘பெல்’ மட்டும். ‘ஓப்’ பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. டச்சு அடிப்படையில் வினையைக் கடைசியில் வைக்கும் மொழி என்று யான் கோஸ்டர் என்ற மொழியியலாளர் 1975இல் வாதிட்டபோது, இத்தகைய பிரியும் வினைகளும் அவருக்குச் சான்றாக இருந்தன.

வினை இரண்டு சொற்களாக இருந்தால், எழுவாய்க்கு ஏற்ப மாறும் சொல் மட்டுமே முன்னே போகும். ‘நேற்று வாங்கியிருக்கிறேன்’ என்பதில் ‘ஏன்’ என்ற விகுதியைத் தாங்குவது ‘இருக்கிறேன்’ என்ற பகுதி. டச்சிலும் அதற்கு இணையான ‘ஹெப்’ மட்டும் நகர்ந்து, ‘ஹிஸ்டரன் ஹெப் இக் ஓப் டெ மார்க்ட் ஃபிஸ் ஹெகோஹ்ட்’ என்று வரும். ‘வாங்கி’ என்பதற்குரிய ‘ஹெகோஹ்ட்’ கடைசியிலேயே இருக்கும்.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. ‘ஓம்டாட்’, ‘வான்ட்’ இரண்டுக்கும் ‘ஏனென்றால்’ என்றே பொருள் சொல்லித் தருவார்கள். ‘ஓம்டாட்’ வினையைக் கடைசிக்குத் தள்ளும், ‘வான்ட்’ தள்ளாது, தனி வாக்கியத்தின் வரிசையையே வைத்துக்கொள்ளும். பொருளை வைத்து இதை ஊகிக்க முடியாது. இணைப்புச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். ‘வாங்க விரும்புகிறேன்’ என்பது துணை வாக்கியத்தில் வரும்போது, ‘ஓம்டாட் இக் ஃபிஸ் வில் கோபென்’ என்று ‘விரும்புகிறேன்’ முன்னும் ‘வாங்க’ பின்னுமாகச் சொல்வதே வழக்கம். அந்த ஒரு ஜோடியைத் தமிழுக்கு எதிராகத் திருப்பிப் போட வேண்டியிருக்கும்.