கேள்வி-பதில்: பெயரை எடுத்துவிட்டால் பழி போய்விடுமா?

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திட்டப் பின்னாய்வு பற்றியவை. ஒன்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பிழையைத்தான் நம் மாவட்டங்களில் அதிகம் காண்கிறேன்.

திட்டம் முடிந்து எத்தனை நாளுக்குள் பின்னாய்வுக் கூட்டத்தை வைக்க வேண்டும்? (ஆரையம்பதி)

இரண்டு, மூன்று கிழமைக்குள் வையுங்கள். அதற்குப் பிந்தினால் முடிவு தெரிந்த பின் மனதில் ஒழுங்குபட்ட கதைதான் வரும், நடந்த வரிசை வராது. கூட்டத்துக்கு முன்பே சைட் பதிவேடு, வட்ஸ்அப் செய்திகள், கொடுப்பனவுக் கடிதங்கள் மூன்றையும் வைத்துத் திகதிவாரி அட்டவணை ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். கிணறு, வடிகால் போன்ற வேலையென்றால் ஒரு கோடையோ மாரியோ கழிந்த பின் இன்னொரு தடவையும் பாருங்கள். அவற்றின் குறை அதற்கு முன் வெளியில் தெரியாது.

எங்கள் கிணற்றுத் திட்ட அறிக்கையில் யாருடைய பெயரையும் போடவில்லை. 'கள உத்தியோகத்தர் ஆழத்தை உறுதிப்படுத்தத் தவறியமையால் 24 கிணறுகளில் 9 கிணறுகள் கோடையில் வற்றின' என்றுதான் எழுதினோம். அவர் மனமுடைந்து வேலையை விடப்போகிறேன் என்கிறார். நாங்கள் எங்கே பிழை விட்டோம்? (திட்ட இணைப்பாளர், படுவான்கரை)

உங்கள் திட்டத்தில் கள உத்தியோகத்தர் ஒரே ஒருவர். பதவியைச் சொன்னாலே ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரியும். பெயரை எடுத்தீர்கள், பழியை எடுக்கவில்லை. அந்த வாக்கியத்தில் பழியைச் சுமப்பது 'தவறியமையால்' என்ற சொல். அந்தச் சொல் வந்த இடத்தில் உங்கள் ஆய்வும் நின்றுவிட்டது.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தப் பிரதியையும் அளவைப் படிவங்களையும் உங்கள் கடிதத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். நிதி உடன்படிக்கை மே மாதம் வர வேண்டியது, செப்ரெம்பர் கடைசியில் கையெழுத்தானது. திட்டத்தின் முடிவுத் திகதியோ மார்ச் 31 ஆகவே இருந்தது. கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தக்காரரைத் தெரிவு செய்து முடிக்க டிசம்பர் வந்துவிட்டது. கிணறு வெட்டியது ஜனவரியிலும் பெப்ரவரியிலும், மாரி பெய்து நிலம் நிறைந்து கிடந்த நேரத்தில்.

இனி ஒப்பந்தத்தின் ஆழம் பற்றிய வாசகத்தைப் பாருங்கள். '20 அடி ஆழம் அல்லது 6 அடி நீர், எது முதலில் கிடைக்கிறதோ அதுவரை.' ஜனவரியில் மேட்டுப்பக்கக் காணிகளில் நாலு அடியிலேயே நீர்மட்டம் நிற்கிறது. அப்படியானால் பத்து அடி வெட்டியதும் ஆறு அடி நீர் கிடைத்துவிடும், ஒப்பந்தப்படி வேலை முடிந்தது. அதற்குக் கீழே போக ஒப்பந்தக்காரருக்குக் கடமையும் இல்லை, கொடுப்பனவும் இல்லை. நீர் ஊறிக்கொண்டிருக்கும் போது மெசின் வைத்து இறைத்துத்தான் வெட்ட வேண்டும், பக்கமண்ணும் சரியும். எந்த ஒப்பந்தக்காரரும் அங்கே நிறுத்துவார். உத்தியோகத்தரின் படிவத்தில் இருந்ததோ 'நீர் 6 அடி: ஆம் / இல்லை' என்ற ஒரே கட்டம். அவர் அளந்தார், ஆறு அடி இருந்தது, 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். செப்ரெம்பரில் அதே காணியில் நீர்மட்டம் பன்னிரண்டு அடிக்கு இறங்கியது. பத்து அடிக் கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து வரும்? மீதிப் பதினைந்து கிணறுகளும் குளத்துக்குக் கீழே, வயல் பக்கம் இருப்பதால் தப்பின.

அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்றும் உங்கள் கடிதமே சொல்கிறது. முந்தைய திட்டத்தின் ஒப்பந்தத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். அந்தத் திட்டத்தில் கிணறு வெட்டியது ஓகஸ்டில். ஓகஸ்டில் ஆறு அடி நீர் கிடைத்தால் அந்தக் கிணறு அநேகமாக வருடம் முழுவதும் நிற்கும். வாசகம் அந்த மாதத்துக்குச் சரி, மாதம் மாறியபோது அதன் பொருளும் மாறிவிட்டது. இதைக் கவனிக்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை, அதைக் கேட்கும் கடமை யாருக்கும் எழுதப்படவும் இல்லை.

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். அந்த உத்தியோகத்தரை எடுத்துவிட்டு, உங்கள் அலுவலகத்தின் மிகத் திறமையான ஆளை அதே ஜனவரி மாதத்தில், அதே படிவத்தோடு, மார்ச் 31 நெருங்கும் நிலையில் அந்தக் கிணற்றடியில் நிறுத்துங்கள். அவரும் 'ஆம்' என்றே எழுதுவார். அப்படியானால் காரணம் ஆளில் இல்லை. உங்கள் அறிக்கையின் பரிந்துரை 'உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி வழங்கல்.' பயிற்சி பெற்ற புதியவர் அடுத்த வருடம் அதே வாசகத்தின் கீழ் அதே கையெழுத்தைப் போடுவார்.

வாக்கியத்தை இப்படி மாற்றுங்கள்: 'ஆழத்துக்கான நிபந்தனை கோடையில் வெட்டும் கிணற்றுக்காக எழுதப்பட்டது. உடன்படிக்கை நாலு மாதம் பிந்தியதால் மாரியில் வெட்ட நேர்ந்தது. அளவைப் படிவம் அளந்த மாதத்தையும் மொத்த ஆழத்தையும் பதியவில்லை. ஆகவே 10 அடிக் கிணறுகள் நிபந்தனையைப் பூர்த்தி செய்தவையாக ஏற்கப்பட்டன.' இதில் எதையும் மூடவில்லை. முந்தைய வாக்கியத்தைவிட இது அதிகம் சொல்கிறது, மாற்ற வேண்டிய மூன்று இடங்களையும் காட்டுகிறது. முதலாவது, 'எது முதலில்' என்பதை எடுத்துவிட்டு, அயல் கிணற்றின் கோடை நீர்மட்டத்துக்குக் கீழே ஆறு அடி என்று எழுதுவது. அந்த மட்டத்தை வீட்டுக்காரரிடமே கேட்கலாம், பழைய கிணற்றுச் சுவரில் அடையாளமும் இருக்கும். இரண்டாவது, படிவத்தில் திகதி, மொத்த ஆழம், நீர்மட்டம் என மூன்று கட்டங்கள். மூன்றாவது, மாரியில் வெட்ட நேர்ந்தால் ஒப்பந்தக்காரரின் பிடிப்புப் பணத்தைச் செப்ரெம்பர் அளவை முடியும் வரை விடாதிருப்பது.

எப்போதும் சொல்வதை மறுபடியும் சொல்கிறேன். 'ஏன் செய்யவில்லை' என்று எழுதாதீர்கள். 'அந்த நேரத்தில் அவர் கண் முன் என்ன இருந்தது' என்று எழுதுங்கள். வரைவு மேலிடத்துக்குப் போகும் முன் களத்தில் நின்றவர் கைக்குப் போக வேண்டும். உங்கள் அறிக்கையை அந்த உத்தியோகத்தர் முதலில் கண்டது கொழும்பிலிருந்து திரும்பி வந்த பிரதியில். அது சரியே இல்லை. திருத்திய அறிக்கையை முதலில் அவரிடம் கொடுங்கள், பிறகு பழைய பிரதி போன எல்லா இடங்களுக்கும் அனுப்புங்கள்.

பதினாலு பக்க அறிக்கையை இணைத்திருக்கிறேன். சரியா என்று சொல்லுங்கள். (பெயர், ஊர் இல்லை)

பதினாலு பக்கத்திலும் ஒரு திகதி இல்லை. எத்தனை வீடு, எவ்வளவு பணம், எது பிந்தியது, எதுவும் இல்லை. 'ஒருங்கிணைப்புக் குறைபாடு' மட்டும் பதினொரு தடவை வருகிறது. யார் யாரிடம் எந்தத் தகவலை எதிர்பார்த்தார், அது எந்த நாளில் எந்த வழியில் வந்தது அல்லது வராமல் போனது என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். அதற்கு முன் நான் பார்க்க எதுவும் இல்லை.

'ஐந்து ஏன்' முறையைச் செய்தோம். ஐந்தாவது 'ஏன்' சாரதியின் அலட்சியத்தில் வந்து முடிந்தது. முறை பிழையா? (அக்கரைப்பற்று)

அது டொயோட்டா தொழிற்சாலையில் வளர்ந்த முறை. இயந்திரம் நின்றதற்குக் காரணம் தேட நன்றாக உதவும். மனிதரிடம் 'ஏன்' என்று கேட்டால் அவர் நியாயம் சொல்லத் தொடங்குவார், கேட்பவர் குறுக்கு விசாரணை செய்யத் தொடங்குவார். அதோடு அந்த முறை ஒரே கோட்டில் இறங்கும். நீங்கள் எழுதிய சீமெந்து லொறி விடயத்தில் குறைந்தது மூன்று கோடுகள் இருக்கின்றன: களஞ்சியம் நாலு மணிக்குப் பூட்டப்படுவது, சைட்டில் இறக்க ஆட்கள் இல்லாதது, லொறியை இன்னொரு திட்டமும் பங்கிடுவது. சாரதியிடம் 'அன்று காலை என்ன சொல்லி அனுப்பினார்கள், வழியில் என்ன நடந்தது, எப்படி முடிவெடுத்தீர்கள்' என்று கேளுங்கள். 'அலட்சியம்' என்ற சொல் வந்தால் அங்கே நிற்காதீர்கள், அது கேள்வி தீர்ந்த இடம் இல்லை.

பணிப்பாளர் இருக்கும் கூட்டத்தில் களப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. எங்கள் குழுவில் தமிழும் சிங்களமும் பேசுபவர்கள் இருக்கிறார்கள். (அம்பாறை)

கூட்டத்துக்கு முன் ஒவ்வொருவரோடும் தனியாக, அவரவர் மொழியில், அரை மணி நேரம் பேசிக் குறிப்பெடுங்கள். கூட்டத்தில் திகதி அட்டவணையைச் சுவரில் இரு மொழியிலும் ஒட்டி, விடுபட்டதைத் தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பேசத் தயங்குபவரும் எழுதுவார். நடத்துநர் அந்தத் திட்டத்தில் வேலை செய்யாதவராக இருக்கட்டும். பணிப்பாளர் கடைசியில் பேசட்டும், பேசும்போது தான் எடுத்த முடிவு ஒன்றையும் அட்டவணையில் தன் கையால் ஒட்டட்டும். உடன்படிக்கை பிந்தியது, ஆளணி குறைத்தது போன்றவை மேலே எடுக்கப்பட்ட முடிவுகள். அவை அட்டவணையில் இல்லாவிட்டால் காரணம் எல்லாம் கீழே போய்ச் சேரும்.

சீமெந்து மூடை களவு போயிருக்கிறது. அதையும் பழி சொல்லாமல் எழுத வேண்டுமா? (செங்கலடி)

இல்லை. களவு, இலஞ்சம், பொய்க் கையெழுத்து மூன்றும் ஒழுக்காற்று விசாரணைக்கு உரியவை. அதை வேறு ஆட்கள், வேறு கோப்பில் செய்ய வேண்டும். பின்னாய்வில் ஒருவர் திறந்து சொன்னதை அந்தக் கோப்புக்கு எடுத்துப் போனால் அடுத்த பின்னாய்வில் யாரும் உண்மை பேச மாட்டார்கள்.

பழி இல்லையென்றால் பொறுப்பும் இல்லாமல் போய்விடும் என்கிறது எங்கள் நிர்வாகம். (கல்முனை)

விமான விபத்து விசாரணையை எடுத்துக் காட்டுங்கள். சர்வதேச சிவில் விமான அமைப்பின் 13ஆம் இணைப்பு, விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ பங்கிடுவது அதன் நோக்கம் இல்லை என்று சொல்கிறது. குற்றம் இருந்தால் அதைப் பார்க்க நீதிமன்றம் தனியே இருக்கிறது. உங்கள் அறிக்கையில் பொறுப்பு வர வேண்டிய இடம் பரிந்துரைப் பகுதி. அங்கே பெயர் வரலாம், வரத்தான் வேண்டும்: இந்த மாற்றத்தை யார், எந்தத் திகதிக்குள் செய்து முடிப்பார் என்று. நடந்ததற்குப் பெயர் வேண்டாம், செய்யப்போவதற்குப் பெயர் கட்டாயம்.

எத்தனை பாடங்கள் எழுதலாம்? எங்களிடம் 31 இருக்கிறது. (வாழைச்சேனை)

நாலு. மிஞ்சினால் ஐந்து. 'கவனமாக இருத்தல்', 'தொடர்பாடலை மேம்படுத்தல்' என்பவற்றை முதலில் வெட்டுங்கள், உங்கள் 31இல் பதினெட்டு அப்படியே போய்விடும். மீதியில் ஒரு படிவத்தையோ, ஒப்பந்த வாசகத்தையோ, நாட்காட்டியையோ மாற்றாதவை எவையென்று பாருங்கள், அவற்றையும் எடுங்கள். எஞ்சியவற்றுக்கு ஆளும் திகதியும் போட்டு, அடுத்த திட்டத்தின் முதல் கூட்ட நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகச் சேர்த்துவிடுங்கள்.