அண்டி ஆபீசில் பாதி வழியில் நிற்கும் பருப்பு: கணக்குக் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் முந்திரி ஆலைகளிலிருந்து வந்தவை. பச்சைக் கொட்டையின் இருப்பும் டின்னில் அடைத்த பருப்பின் இருப்பும் யாருக்கும் குழப்பமாக இல்லை. உடைப்பு, போர்மா, தோல் உரிப்பு, தரம் பிரிப்பு ஆகியவற்றுக்கு நடுவில் கிடக்கும் சரக்குதான் எல்லோருக்கும் சிக்கல்.

உடைப்பிலிருந்து 270 கிலோ பருப்பு போர்மாவுக்குப் போனது. வெளியே வந்தது 256 கிலோ. 14 கிலோ குறைவு. யாரைக் கேட்பது? (மார்த்தாண்டம்)

யாரையும் கேட்கும் முன் ஈரமானியை எடுங்கள். போர்மா வேலையே தண்ணீரை வெளியேற்றுவதுதான், அதனால் எடை குறைந்தே தீரும். எவ்வளவு குறையலாம் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

உள்ளே போகும்போது ஈரம் 8 சதவீதம் என்றால், 270 கிலோவில் ஈரமில்லாத பருப்பு 248.4 கிலோ. அது மாறாது. 4 சதவீத ஈரத்தோடு வெளியே வந்தால் எடை 258.75 கிலோ இருக்க வேண்டும். உங்களுக்கு வந்தது 256. அப்படியானால் 2.75 கிலோவுக்குத்தான் விளக்கம் தேவை, 14 கிலோவுக்கு அல்ல. வெளியே வந்த பருப்பின் ஈரம் 3 சதவீதமாக இருந்தால் 256 கிலோதான் வரும். எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அந்தப் பருப்பு உரிக்கும்போது நொறுங்கும், முழுப்பருப்பு குறையும். அது எடைக் குறைவைவிடப் பெரிய நஷ்டம்.

எக்செல்லில் எழுதுபவர்கள் B2-இல் உள்ளே போன எடை, C2, D2-இல் முந்தைய, பிந்தைய ஈரம் என்று வைத்து (8%, 4% என்றே எழுதுங்கள்):

```
=B2*(1-C2)/(1-D2)
```

இந்த விடைக்கும் தராசு காட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு போர்மாவுக்கும் தனியாக எழுதுங்கள். எப்போதும் ஒரே தட்டு வரிசையில் குறைந்தால், பெரும்பாலும் தட்டின் எடையைத் தவறாகக் கழிக்கிறீர்கள்.

உரிப்பு மேசையில் புத்தகப்படி இருக்க வேண்டிய பருப்பு இல்லை. போர்மாவிலோ சில நாள் உள்ளே போனதைவிட அதிகம் வருகிறது. இது எப்படி? (கருங்கல்)

இரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். தோல் விடாத பருப்பை மறுபடி போர்மாவுக்கு அனுப்புகிறீர்கள், அதை எழுதுவதில்லை.

காலையில் மேசைகளுக்கு 100 கிலோ கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். மாலையில் உரித்த பருப்பு 80, தோல் 5, தோல் ஒட்டியது 12 கிலோ. மேசையில் மீதி 2 கிலோ. கூட்டினால் 99, ஒரு கிலோ மட்டும் தேட வேண்டியது. ஆனால் அந்த 12 கிலோ சீட்டில்லாமல் போர்மாவுக்குப் போய்விட்டால், புத்தகம் மேசையில் 15 கிலோ இருப்பதாகச் சொல்லும். உரிக்கும் பெண்கள் மேல் வீண் பழி விழும். அதே 12 கிலோ மறுநாள் போர்மாவிலிருந்து வெளியே வரும் எடையில் சேர்ந்து, அங்கே உண்மையிலேயே குறைந்ததை மறைத்துவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கடைசி விஷயம்தான்.

மறு போர்மாவுக்கு வேறு நிறச் சீட்டும் பதிவேட்டில் தனிப் பத்தியும் வையுங்கள். முடிந்தால் தனித் தட்டிலேயே காய வையுங்கள். ஏற்கெனவே காய்ந்த பருப்பு, முதல் கேள்வியின் 8 சதவீதக் கணக்கு அதற்குப் பொருந்தாது.

இன்னொன்று: நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அந்த மாதங்களில் இரவு முழுவதும் திறந்து கிடக்கும் பருப்பு ஈரம் குடித்து எடை கூடும், தோலும் மறுபடி ஒட்டும். மாலை மீதியை மூடி வைத்துவிட்டு, காலையில் மறுபடி எடை போட்டுக் கொடுங்கள்.

ஆப்பிரிக்கக் கொட்டையும் நாட்டுக் கொட்டையும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. லாட் வாரியாகப் பிரிக்க முடியுமா? (குலசேகரம்)

உரிப்பு வரை முடியும், தரம் பிரிப்பில் கடினம். கூடையோடு லாட் சீட்டு போகட்டும். உரிப்பு முடிந்து எடை போட்டதும் அந்த லாட்டை மூடிவிடுங்கள். அதற்குப் பிறகு தரத்தின்படிதான் இருப்பு: W240, W320, இரண்டாக உடைந்தது, துண்டு என்று. எந்த லாட் எவ்வளவு பருப்பு தந்தது என்பது உரிப்பு எடையிலேயே தெரிந்துவிடும்.

மாதக் கடைசி இருப்பு எடுக்கும்போது போர்மாவுக்குள் இருக்கும் சரக்கை எப்படி எழுதுவது? (தக்கலை)

கதவு திறந்து வெளியே வந்து எடை போடும் வரை, உள்ளே போன எடையே இருப்பு. நடுவில் திறந்து எடை போட வேண்டாம். மற்ற இடங்களில், காலை வேலை தொடங்கும் முன், ஒரு கூடையும் நகராத நேரத்தில் எண்ணுங்கள். ஆவியில் வெந்து ஆறப் போட்டிருக்கும் கொட்டையை மறந்துவிடாதீர்கள். பச்சைக் கொட்டைக் கணக்கிலும் இல்லாமல், பருப்புக் கணக்கிலும் இல்லாமல் போவது அதுதான். அதைக் கொட்டையாகவே எடை போட்டு, தனி வரியில் எழுதுங்கள்.