குதிரைக்கு இணை மாடு

"சும்மா கிடைத்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்ற இங்கிலிஷ் பழமொழிக்குக் 'குதிரைக் கொம்பு' என்று எழுதினேன். யாழ்ப்பாணத்தில் மகளின் டீச்சர் பிழை போட்டுவிட்டார். ஏன்?"

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே' என்று எழுதுங்கள். குதிரைக் கொம்பு என்றால் கிடைக்கவே கிடைக்காத பொருள்.

குதிரையைத் தேடியதால்தான் தடுமாறியிருப்பீர்கள். இரண்டு மொழியிலும் விஷயம் பல்தான். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே முன்பற்கள் உண்டு. பால்பல் விழுந்து, ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் சோடி நிலைப்பல் முளைக்கும். அதைப் பார்த்துத்தான் சந்தையில் விலை பேசுவார்கள். குதிரைக்கும் வயது பல்லில் தெரியும்.

சரியா என்று பார்க்க ஒரு சம்பவத்தில் வைத்துப் பாருங்கள்: கனடா மாமா சும்மா அனுப்பிய போனில் பேட்டரி நிற்கவில்லை என்று மகள் முணுமுணுக்கிறாள். பொருந்துகிறதல்லவா?

காசு கொடுத்து வாங்கியதற்கு மட்டும் இதைச் சொல்ல முடியாது. அங்கே பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.