கோர் எட்டு இருந்தும் சேர்வர் ஏன் லேக் ஆகிறது?

"கல்லடியில் நண்பர்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட் சேர்வர் நடத்துகிறோம். எட்டு கோர், சிபியு 20 சதவீதம்கூட ஏறுவதில்லை, ஆனாலும் லேக். 16 கோருக்கு மாறினால் சரியாகுமா?"

பெரும்பாலும் ஆகாது. மிருகங்கள், ரெட்ஸ்டோன், ஹொப்பர் எல்லாவற்றையும் ஒரே பிரதான திரெட்தான் வரிசையாகக் கணக்கிடுகிறது. ஒரு சுற்றை 50 மில்லிசெக்கனுக்குள் முடித்தால்தான் செக்கனுக்கு 20 சுற்று வரும். எட்டில் ஒரு கோர் முழுதாக நிரம்பினாலும் மொத்தக் கணக்கில் அது 12.5 சதவீதம்தான். அந்தச் சராசரி உங்களை ஏமாற்றுகிறது.

Paper சேர்வர் என்றால் இதை அடித்துப் பாருங்கள்:

```
/mspt
```

ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிசெக்கன் போகிறது என்று இது காட்டும். 80 என்று வந்தால் 1000 ÷ 80, அதாவது செக்கனுக்கு 12.5 சுற்றுதான். 16 கோர் வந்தாலும் அந்த 80 அப்படியே நிற்கும். ஒற்றைக் கோர் வேகம் இரண்டு மடங்கானால் 40 ஆகும், லேக் போய்விடும். 50-க்குக் கீழே இருந்தும் இழுத்தால் இணைய இணைப்பைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து சிங்கப்பூர் சேர்வருக்குப் போய்வரும் தாமதத்தை எந்தப் புரொசசரும் குறைக்காது.

வாங்குமுன் புரொசசரின் மொடல் பெயரைக் கேளுங்கள். "8 vCPU" என்று மட்டும் சொல்பவரிடம் நான் வாங்கமாட்டேன். 14 கோர் Xeon E5-2680 v4-ஐ விட, ஒற்றைக் கோர் மிக வேகமான Ryzen 9 7950X-இல் இரண்டு மூன்று கோர் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். கிகாஹேர்ட்ஸை மட்டும் ஒப்பிடாதீர்கள். தலைமுறை மாறினால் அந்த எண் பொருந்தாது. அப்புறம், `top`-இல் `st` அடிக்கடி ஏறினால் உங்கள் கோரைப் பக்கத்து வாடிக்கையாளரும் பங்குபோடுகிறார்.