எல்லாருக்கும் 3 விழுவது ஏன்?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டம். வெட்டு வேலையை மேற்பார்க்கும் எட்டு மண்டோர்களுக்கும் வருட மதிப்பீட்டில் 5-க்கு 3தான் விழுகிறது. எப்படித் தவிர்ப்பது?

முதலில் மதிப்பீட்டுப் பாரத்தைப் பாருங்கள். 1, 5 போட்டால் காரணம் எழுத வேண்டும், 3 போட்டால் யாரும் கேட்பதில்லை, அப்படித்தானே? 3-க்கும் காரணம் எழுத வையுங்கள்.

நான் இருந்த தோட்டத்தில், வருடக் கடைசியில் ஞாபகத்தை நம்பாமல், மாதம் ஒருமுறை வெட்டு முடிந்த வரிசைகளில் நடந்தேன். பொறுக்காமல் கிடந்த உதிரிப்பழம், பழுக்காமல் வெட்டிய குலை இரண்டையும் எண்ணி அந்தந்த மண்டோர் பெயரில் குறித்தேன். அப்புறம் ஒவ்வொருவர் பாரத்தையும் தனித்தனியாக முழுதும் நிரப்பாமல், ‘அறுவடைத் தரம்’ என்ற ஒரு வரியை மட்டும் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் போட்டேன். வித்தியாசம் தெரிந்துவிட்டது. மேட்டு நிலத்து மண்டோருக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தேன், அங்கே பழம் உருண்டோடும். இரண்டு பேர் நிஜமாகவே நடுத்தரம். அவர்களுக்கு 3 போட்டேன்.