பழைய சுவரின் நிறத்தைக் கழிக்காமல் புது நிறத்தைப் போட்டுப் பார்க்க முடியாது

கேள்வி: ஹாலுக்குப் புது பெயிண்ட் அடிக்கப் போகிறோம். இப்போது சுவர் வெளிர் பச்சை. போட்டோவில் மல்டிப்ளை மோடில் நிறம் போட்டால் அழுக்காகத் தெரிகிறது. கலர் மோடில் போட்டால் எந்த நிறமும் வெளிறிப் போகிறது. எப்படித்தான் பார்ப்பது?

கல்யாண ஆல்பம் டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. நாள் முழுக்க லேயரும் மாஸ்க்குமாகப் போகிறது. 'சுவரைச் செலக்ட் பண்ணு, நிறத்தை ஊற்று, மல்டிப்ளை வை, முடிந்தது' என்று சொல்லித்தரும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் எடுத்துக்காட்டும் சுவர் எப்போதும் வெள்ளைச் சுவர். நம் வீட்டுச் சுவர் என்றைக்கு வெள்ளையாக இருந்தது?

உங்கள் நிலைமையேதான் திருநெல்வேலியில் என் அக்கா வீட்டிலும். ஹால் முழுக்கப் பிஸ்தா பச்சை. அக்காவுக்கு மணல் நிற க்ரீம் வேண்டும். அத்தானுக்கு டிவி இருக்கும் சுவர் மட்டும் கருநீலமாக இருக்க வேண்டும். பெயிண்ட் கடையில் கொடுத்த கேட்லாக்கை வைத்துக்கொண்டு இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

மல்டிப்ளை செய்வது வெறும் பெருக்கல். படத்தில் பச்சைச் சுவரின் சிவப்பு, பச்சை, நீல அளவுகள் 178, 200, 152 என்று இருந்தன. அக்கா கேட்ட க்ரீம் 243, 229, 196. ஒவ்வொன்றையும் பெருக்கி 255-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 170, 180, 117 வரும். அது க்ரீம் இல்லை, வாடிப்போன இலையின் நிறம். பழைய பெயிண்ட் மேல் கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல, இரண்டு நிறமும் சேர்ந்து தெரிகிறது. உங்களுக்கு அழுக்காகத் தெரிவது இதுதான். கலர் மோடின் கோளாறு வேறு. அது சாயத்தை மட்டும் புதிதாக எடுத்துக்கொண்டு, வெளிச்ச அளவைப் பழைய சுவரிலிருந்தே வைத்துக்கொள்ளும். பச்சைச் சுவர் வெளிர் என்பதால் அத்தானின் கருநீலமும் குழந்தைகள் அறை நீலமாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு, 'இதுவா? இது பரவாயில்லையே' என்று அக்கா ஒத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் படத்தை நம்பி டப்பா வாங்கியிருந்தால் பெரிய சண்டையாகியிருக்கும்.

சரி, வழிக்கு வருகிறேன். படம் எடுக்கும்போதே சுவரின் நடுவில் ஒரு வெள்ளை ஏ4 தாளை ஒட்டிவிடுங்கள். பகலில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். போனில் ப்ரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து மாற்றி ஒரே எண்ணில் நிறுத்துங்கள். இல்லையென்றால் பெரிய பச்சைப் பரப்பைப் பார்த்ததும் போன் தானாகவே நிறத்தைத் திருத்த முயலும். படத்தை வாட்ஸப்பில் அனுப்பி வாங்காதீர்கள், கேபிள் போட்டு எடுங்கள்.

அந்தத் தாள்தான் எல்லாம். தாளின் மேலும் அதை ஒட்டிய சுவரின் மேலும் விழுவது ஒரே வெளிச்சம். அதனால் அந்த இடத்தில் வெள்ளை எப்படித் தெரியும், பழைய பெயிண்ட் எப்படித் தெரியும் என்று இரண்டு எண்கள் கையில் கிடைக்கும். தாள் எனக்கு 228, 226, 220 என்று வந்தது. ஒரே புள்ளியில் எடுக்காமல், கலர் பிக்கரில் சராசரி எடுக்கும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் இதை கிம்ப்பில் செய்தேன், அக்கா வீட்டுக் கணினியில் அதுதான் இலவசமாக ஏறியது. போட்டோஷாப்பிலும் இதே மோடுகள் உண்டு. முதலில் படத்தை 16 பிட்டுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் கருநீலத்தில் நிழல் பட்டை பட்டையாக உடையும். பிறகு ஒரு லேயர் குரூப் போட்டு, அதற்குள் அடியில் படத்தின் நகல். அதன்மேல் தாளின் நிறம் நிரப்பிய லேயர், மல்டிப்ளை. அதன்மேல் புது பெயிண்ட் நிறம், மல்டிப்ளை. எல்லாவற்றுக்கும் மேலே பழைய சுவரின் நிறம், டிவைட். டிவைட் பழைய பச்சையை வகுத்து எடுத்துவிடும், நிழல் மட்டும் மிஞ்சும். மேற்சொன்ன எண்களுக்கு க்ரீம் சுமார் 217, 203, 169 என்று வந்தது. வாடிய இலை போய் மணல் வந்துவிட்டது. நிறம் மாற்ற வேண்டுமென்றால் புது பெயிண்ட் லேயர் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். டிவைட்டை மேலே வைப்பதற்குக் காரணம் உண்டு: முதலிலேயே வகுத்தால், தாளின் அருகில் இருப்பதைவிட வெளிச்சமான ஜன்னலோரச் சுவர் 255-ஐத் தாண்டி வெட்டுப்படலாம், அப்போது அங்கே நிழலே இல்லாத தட்டையான திட்டு விழும்.

மாஸ்க் குரூப்புக்குத்தான், ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனியாக அல்ல. நேர்க்கோட்டு ஓரங்களுக்கு பாத் டூல். சுவிட்ச்போர்டு, காலண்டர், ஏசி பைப் எல்லாவற்றையும் விலக்குங்கள். ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் மென்மையாக்குங்கள். கத்தி வெட்டாக இருந்தால் நிறம் ஒட்டவைத்ததுபோல் தெரியும், அதிகம் மென்மையானால் சீலிங் ஓரத்தில் பழைய பச்சை ஒரு கோடாக எட்டிப்பார்க்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அக்கா வீட்டுப் படத்தைப் பார்த்த தெருக்காரர் ஒருவர், 'தம்பி, நம்ம வீட்டுக்கும் ரெண்டு கிளிக் பண்ணிக் கொடுங்க' என்றார். சரி என்று செய்து கொடுத்தேன். அப்புறம் மகன் கல்யாணப் பத்திரிகை வந்தது, பிறகு பேத்தி காதுகுத்து பேனர் வந்தது. எலக்ட்ரீஷியனை யாரும் இலவசமாக ஒயரிங் பண்ணச் சொல்வதில்லை. கணினியில் செய்கிற வேலை என்றால் மட்டும் அது வேலையே இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஏ4 தாள் முழு வெள்ளை இல்லை, அதில் சேர்க்கும் பிரைட்னரால் பகல் வெளிச்சத்தில் லேசாக நீலம் அடிக்கும். கம்பெனி தளத்தில் போட்டிருக்கும் நிற எண்ணும் டப்பாவுக்குள் இருக்கும் பெயிண்டும் அச்சாக ஒன்றல்ல. இதெல்லாம் சின்னப் பிசகு.

பெரிய பிசகு வேறு. டிவி சுவரைக் கருநீலமாக்கினாலும் படத்தில் சீலிங்கும் டைல்ஸும் பழைய பச்சைச் சுவர் திருப்பியடித்த வெளிச்சத்திலேயே இருக்கும். நிஜத்தில் கருநீலம் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும், ஹால் படத்தில் தெரிவதைவிட இருட்டாகும். க்ரீமில் இதற்கு நேர்மாறு: எதிரெதிரே நான்கு சுவரும் ஒரே நிறமானால் ஒன்றின் சாயம் மற்றொன்றில் பட்டு, படத்தில் இருப்பதைவிட மஞ்சள் தூக்கலாகத் தெரியும். எந்த பிளெண்ட் மோடும் இதைக் காட்டாது. அதனால் க்ரீமில் அக்கா ஒரு படி வெளிறிய நிறத்தையே எடுத்தாள்.

இன்னொன்று, ஈரக்கறை இருந்தால் அது புது நிறத்திலும் அப்படியே கருத்துத் தெரியும். அது நிறத்தின் தப்பு இல்லை, அதைப் பார்த்து நிறத்தை ஒதுக்கிவிடாதீர்கள்.

கடைசியாக, சின்ன சாம்பிள் டப்பா கிடைத்தால் ஒரு சார்ட் அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, தாள் இருந்த இடத்திலேயே ஒட்டி, அதே நேரத்தில் அதே செட்டிங்கில் படம் எடுங்கள். அட்டையின் எண்ணும் உங்கள் படத்தில் வந்த எண்ணும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் மற்ற நிறங்களுக்கும் படத்தை நம்பலாம். ராத்திரி ட்யூப்லைட்டில் ஒரு படம் எடுத்து, தாள் எண்ணையும் சுவர் எண்ணையும் புதிதாக எடுத்து, இதையே இன்னொரு முறை செய்யுங்கள். அத்தான் கருநீலத்தை விட்டது அந்த ராத்திரிப் படத்தைப் பார்த்துத்தான்.